வக்கீலுக்கு எழுதும் கடிதம்

‘எங்கள் கட்சிக்காரருக்கு நல்ல வழக்கு இருக்கிறது, உறுதியாக வாதாடி வருகிறோம்.’ கம்பெனியின் வழக்குகளைப் பற்றி ஆடிட்டர் கேட்கும்போது வக்கீல்களிடமிருந்து அடிக்கடி வரும் பதில் இது. கோப்பில் சேர்த்து, பக்க எண் போட்டு, வேலை முடிந்தது என்று நகர்ந்துவிடுகிறவர்கள் உண்டு. ஆனால் கணக்குக்கு வேண்டிய தகவல் இந்தப் பதிலில் ஒன்றுகூட இல்லை. வக்கீல் வழக்கின் பலத்தைச் சொல்கிறார். கணக்கு கேட்பதோ வேறு: மார்ச் 31 அன்று கம்பெனிக்குக் கடப்பாடு இருந்ததா, அதற்காகப் பணம் வெளியே போக வாய்ப்பு எவ்வளவு, போனால் எத்தனை ரூபாய்? வக்கீல் இதற்குப் பதில் சொல்லவில்லை என்றால், பெரும்பாலும் நாம் இதைக் கேட்டிருக்கவில்லை.

விதி எளிமையானது. பட்டியலிடப்படாத, நிகர மதிப்பு 250 கோடி ரூபாய்க்குக் குறைந்த கம்பெனிகள் பொதுவாகப் பின்பற்றுவது கணக்கியல் தரநிலை 29. கடந்த கால நிகழ்வால் இன்று ஒரு கடப்பாடு இருந்து, பணம் வெளியே போவதற்கே வாய்ப்பு அதிகம் என்றால், நம்பத்தக்க மதிப்பீட்டின்படி ஒதுக்கீடு செய்ய வேண்டும். லாபம் அந்த அளவு குறையும். வாய்ப்பு அந்த அளவுக்கு இல்லை, ஆனால் அறவே இல்லை என்றும் தள்ளிவிட முடியாது என்றால் அது நிகழக்கூடிய பொறுப்பு. கன்டிஞ்சென்ட் லயபிலிட்டி என்று அலுவலகத்தில் எல்லோரும் சொல்வது அதைத்தான். அது கணக்கில் ஏறாது, குறிப்பில் வெளிப்படும். வாய்ப்பே இல்லாத அளவு தொலைவு என்றால் குறிப்பும் வேண்டாம். இந்த மூன்று அறைகளில் ஒரு வழக்கு எதில் போகும் என்பதை வக்கீலின் பதில் பல சமயம் தீர்மானிக்கிறது. அதனால்தான் கேட்கும் விதம் முக்கியமாகிறது.

தணிக்கைத் தரநிலை 501 இந்தக் கடிதத்தைப் பற்றிப் பேசுகிறது. கடிதத்தை எழுதுவது கம்பெனி, அனுப்புவது ஆடிட்டர், பதில் நேராக ஆடிட்டருக்கு வர வேண்டும். இந்த ஏற்பாட்டுக்குக் காரணம் உண்டு. கட்சிக்காரர் சொன்னதை அவருடைய சம்மதம் இல்லாமல் வக்கீல் வெளியே சொல்லக்கூடாது என்பது சாட்சியச் சட்டம் வகுத்த கட்டுப்பாடு. கம்பெனியின் லெட்டர்ஹெட்டில் இயக்குநர் கையெழுத்தோடு போகும் கடிதமே அந்தச் சம்மதம். ஆனால் தபாலில் சேர்ப்பது நாமாக இருக்க வேண்டும். கம்பெனி ஊழியர் கையில் போய், கம்பெனி மின்னஞ்சல் வழியாகத் திரும்பி வந்த பதிலை நான் ஏற்பதில்லை. வக்கீல் அலுவலகத்தை நேரில் அழைத்து, அவர்களிடமிருந்தே மறுபடி வாங்குவேன்.

கடிதம் இரண்டு வகையில் எழுதலாம். ‘உங்களுக்குத் தெரிந்த வழக்குகளைச் சொல்லுங்கள்’ என்று பொதுவாகக் கேட்பது ஒன்று. கம்பெனியே பட்டியல் தயாரித்து, ஒவ்வொரு வழக்கிலும் தன் கணிப்பையும் தொகையையும் எழுதி, அது நியாயமானதா என்று வக்கீலைக் கேட்பது மற்றொன்று. பின்னதையே நான் வற்புறுத்துகிறேன். நீதிமன்றம், வழக்கு எண், எதிர்த்தரப்பு, கோரிய தொகை, வட்டி, இப்போதைய நிலை, கம்பெனியின் கணிப்பு, கம்பெனி மதிப்பிடும் தொகை என்று எட்டுப் பத்திகள் போதும். கீழே நான்கு கேள்விகள்: பட்டியலில் விடுபட்ட வழக்கோ, வழக்காகாமல் நோட்டீஸ் நிலையில் உள்ள கோரிக்கையோ உண்டா? கணிப்பில் எதையாவது நீங்கள் ஏற்கவில்லையா, ஏன்? கோரிய தொகையில் எந்தப் பகுதி கொடுக்க நேரலாம் என்று கருதுகிறீர்கள்? மார்ச் 31 வரை நீங்கள் செய்த வேலைக்கு இன்னும் பில் போடாத கட்டணம் எவ்வளவு? மூன்றாவது கேள்வியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அதுதான் வழக்கைப் பிரித்துக் காட்டும்.

பட்டியல் முழுமையானதா என்பதை வக்கீலிடம் மட்டும் கேட்டால் போதாது. அவருக்குத் தெரிந்தது அவர் நடத்தும் வழக்குகள்தான். வக்கீலே பட்டியலில் இல்லை என்றால் அவருக்குக் கடிதமே போகாது. அதனால் முதலில் சட்டச் செலவுக் கணக்கை வரிவரியாகப் படிக்க வேண்டும். கூடவே தொழில்முறைக் கட்டணம், இதர செலவு ஆகிய கணக்குகளையும் பார்க்க வேண்டும். வாய்தாவுக்கு என்று கொடுத்த ஐயாயிரம் அங்கே ஒளிந்திருக்கும். கோவையில் ஆலை இருக்க, மதுரை வக்கீல் ஒருவருக்குப் பணம் போயிருந்தால் கேள்வி அங்கிருந்து தொடங்குகிறது. இயக்குநர் குழு நடவடிக்கைக் குறிப்புகளைப் படிக்க வேண்டும். இ-கோர்ட்ஸ் தளத்தில் கம்பெனி பெயரை வெவ்வேறு எழுத்துக்கூட்டலில் போட்டுத் தேட வேண்டும். அந்தத் தளத்தில் நடுவர் மன்றத் தகராறுகள் வராது. வரி அதிகாரி முன் உள்ளவையும் வராது. ஜிஎஸ்டி தளத்தில் வழக்கமான நோட்டீஸ்களுக்கு அப்பால் கூடுதல் நோட்டீஸ்களுக்கென்று தனிப் பகுதி இருக்கிறது. அதையும் திறந்து பார்க்க வேண்டும்.

இனி ஒரு வழக்கு. பல கோப்புகளில் கண்டவற்றைச் சேர்த்து நானே அமைத்த உதாரணம் இது. ஒரு நூற்பாலை திருப்பூர் ஏற்றுமதியாளர் ஒருவருக்கு ஹோசியரி நூல் விற்றது. துணியாகப் பின்னிச் சாயம் போட்டபின் குறுக்குக் கோடுகள் விழுந்தன. வெவ்வேறு தன்மையுள்ள பஞ்சு ஒரே லாட்டில் கலந்தால் சாயம் சமமாக ஏறாமல் இப்படி நேரும். ஏற்றுமதியாளர் 2022 ஏப்ரல் 1 அன்று வணிக நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். கெட்டுப்போன துணிக்கு 60 லட்சம், ரத்தான வெளிநாட்டு ஆர்டரின் நஷ்டத்துக்கு 1.40 கோடி, ஆக 2 கோடியும் 12 சதவீத வட்டியும் கேட்டார். 2025 மார்ச் 31 கணக்கில் கம்பெனி எழுதியது: ‘ஒதுக்கீடு இல்லை, 2 கோடி நிகழக்கூடிய பொறுப்பு.’ ஏப்ரல் 20 தேதியிட்ட வக்கீலின் பதில், நான் தொடக்கத்தில் சொன்ன அதே வரி.

இந்தக் கணிப்பில் முதல் பிழை உடனே தெரியும். கோரிக்கை 2 கோடி அல்ல. மூன்று ஆண்டு வட்டி 72 லட்சத்தையும் சேர்த்தால் 2.72 கோடி. இரண்டாவது பிழையை எதிர்வழக்குரையை வாங்கிப் படித்தால்தான் காண முடியும். அதில் ஆலை லாட் கலந்ததை மறுக்கவே இல்லை. மறுப்பது ஆர்டர் நஷ்டத்தை மட்டும்: மறைமுகமான, தொலைவான இழப்புக்கு ஈடு கேட்க முடியாது என்ற ஒப்பந்தச் சட்டத்தின் 73ஆம் பிரிவை வக்கீல் பிடித்திருக்கிறார். ஆலையின் தரப் பதிவேட்டிலும் அந்த வாரம் பஞ்சு லாட் நடுவில் மாறியது எழுதியிருக்கிறது.

இந்த இடத்தில் கடிதம் போதாது. கம்பெனி அனுமதியோடு, இயக்குநர் ஒருவரும் உடனிருக்க, வக்கீலை நேரில் சந்திக்க வேண்டும். ‘ஜெயிப்பீர்களா’ என்று கேட்பதில்லை. ‘60 லட்சத்தை எந்தச் சான்றை வைத்து மறுக்கிறீர்கள்?’ என்று கேட்டால் போதும். “சார், அதைக் கொடுக்கத்தான் வேண்டியிருக்கும். நாங்கள் சண்டை போடுவது 1.40 கோடிக்கு. வட்டியையும் 9 சதவீதத்துக்குக் குறைக்கப் பார்ப்போம்” என்பார் அவர். ‘நல்ல வழக்கு’ என்று அவர் முன்பு எழுதியதும் பொய்யல்ல. 2 கோடி கேட்கப்பட்ட வழக்கில் முக்கால் கோடியோடு முடிந்தால் அது வக்கீலுக்கு வெற்றி. கணக்குக்கு அது முக்கால் கோடி ஒதுக்கீடு. 60 லட்சமும், 9 சதவீதத்தில் மூன்று ஆண்டு வட்டி 16.20 லட்சமும் சேர்த்து 76.20 லட்சம் செலவில் ஏறும். மொத்தக் கோரிக்கையில் எஞ்சிய 195.80 லட்சம் குறிப்பில் வரும்.

இதைச் சொன்னதும் இயக்குநர்கள் அஞ்சுவார்கள்: ஒதுக்கீடு செய்தால் எதிராளி அதைப் பார்த்து ஒப்புக்கொண்டதாகச் சொல்லமாட்டாரா? இந்த அச்சம் நியாயமானது. ஒதுக்கீடுகளை வழக்குவாரியாக அல்லாமல் வகைவாரியாகக் காட்டத் தரநிலை இடம் தருகிறது. விவரம் வெளியிட்டால் வழக்கே கடுமையாகப் பாதிக்கப்படும் என்ற மிக அரிதான நிலையில், தகராறின் பொதுவான தன்மையையும் விவரம் தராத காரணத்தையும் மட்டும் சொன்னால் போதும். ஆனால் இந்தச் சலுகை வெளியீட்டுக்கு மட்டுமே. ஒதுக்கீடு செய்யாமல் இருக்க அது வழி அல்ல.

கோப்பு இத்தோடு முடிவதில்லை. தணிக்கை அறிக்கையில் கையெழுத்திடும் நாள் ஜூன் 30. வக்கீலின் பதில் ஏப்ரல் 20க்கு உரியது. இடையில் எழுபது நாள். ஜூன் 12 அன்று தீர்ப்பு வருகிறது: துணிக்கு 60 லட்சம், ஆர்டர் நஷ்டத்தில் 25 லட்சம், 9 சதவீத வட்டி. ஜூன் கடைசி வாரத்தில் இரண்டாவது விசாரணைக் கடிதம் போகாவிட்டால் இது நம் கண்ணில் படாமலே போகலாம். தீர்ப்பு மார்ச்சுக்குப் பிறகு வந்தாலும், அது மார்ச் 31 அன்று இருந்த கடப்பாட்டைத்தான் உறுதி செய்கிறது. ஆகவே அந்த ஆண்டுக் கணக்கையே திருத்த வேண்டும்.

கம்பெனி சொல்லும்: ‘25 லட்சத்தை எதிர்த்து மேல்முறையீடு செய்யப்போகிறோம்.’ மேல்முறையீடு செய்வது மட்டும் காரணமாகாது. எந்த அடிப்படையில் என்பதே காரணம். சட்டக் கேள்வியில் கீழ் நீதிமன்றம் தவறியது என்று வக்கீல் தீர்ப்பின் பத்தியைக் காட்டி விளக்கினால் எடை உண்டு. நம் உதாரணத்தில், வெளிநாட்டு வாங்குபவரின் ரத்துக் கடிதம் விசாரணையில் ஆட்சேபம் இல்லாமல் சான்றாக ஏறிவிட்டது. அதைக் கலைப்பது கடினம் என்று வக்கீலே ஒப்புக்கொள்கிறார். எனவே 85 லட்சமும் வட்டி 22.95 லட்சமும் சேர்த்து ஒதுக்கீடு 107.95 லட்சமாக உயர்கிறது. தீர்ப்பு விதித்த வழக்குச் செலவு தனி. எஞ்சிய 164.05 லட்சத்தைக் குறிப்பிலிருந்து எடுத்துவிடலாமா? கூடாது. வணிக நீதிமன்றத் தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்ய ஏற்றுமதியாளருக்கும் 60 நாள் அவகாசம் உண்டு. ஜூன் 30 அன்று அது முடிந்திருக்காது.

வக்கீல் பதிலே தர மறுத்தால்? கம்பெனி அவரைச் சந்திக்க அனுமதி தராவிட்டால்? வழக்கு ஆவணங்கள், உத்தரவுகள், வேறொரு வக்கீலின் கருத்து என மாற்றுச் சான்றைத் தேடுகிறோம். அதிலும் போதிய சான்று கிடைக்காவிட்டால் அறிக்கையில் கருத்தை மாற்றித்தான் எழுத வேண்டும். தெரிந்த எல்லா வழக்குகளையும் சொல்லிவிட்டோம் என்று நிர்வாகம் கடைசியில் தரும் எழுத்துப்பூர்வ உறுதி அவசியம். ஆனால் வக்கீலின் பதில் இல்லாத இடத்தை அது நிரப்பாது. நிரப்பும் என்று எண்ணிக் கையெழுத்திட்டால், கடன் கொடுத்த வங்கி நம்பிப் படிக்கும் லாபத்தில் யாரும் எடைபோடாத ஒரு கோடி கலந்திருக்கும். அதனால் என் கோப்பில் ஒவ்வொரு வழக்கிற்கும் ஒரு பக்கம் இருக்கும்: கோரிக்கை எந்தெந்தப் பகுதிகளாகப் பிரிகிறது, ஒவ்வொரு பகுதிக்கும் வக்கீல் சொன்ன காரணம் என்ன, அதை எந்தத் தேதியில் சொன்னார். இந்த மூன்றையும் எழுத முடியாத வழக்கில் வக்கீலுக்கு இன்னொரு கடிதம் பாக்கி இருக்கிறது என்று பொருள்.