கடைசி இழுப்பின் கரகரப்பு

திருப்பதி மாவட்டத்துப் பிச்சாட்டூரில், ஆரணியாறு நீர்த்தேக்கத்துக்கு அருகே, ஒரு மூதாட்டியின் ஒப்பாரியை 24 பிட்டில் பதிவுசெய்திருந்தேன். முடிவில் அவர் ஒரே சுரத்தை நெடுநேரம் இழுக்கிறார். அவ்விழுப்பு மெல்லத் தேய்ந்து மறையுமாறு ஒலியளவைக் குறைத்து, 16 பிட் பிரதியொன்றை எடுத்தேன். ஆய்வுக்கும் அப்பிரதியையே பயன்படுத்தினேன். முடிவுப் பகுதியைப் பெருக்கிக் கேட்டபோது குரல் கரகரத்தது. பின் சட்டென்று அறுந்தது. ‘துயரத்தின் உச்சத்தில் குரல் உடைகிறது’ என்று இயலில் எழுதியும் விட்டேன்.

மூலப்பதிவைத் திரும்பக் கேட்டேன். குரல் உடையவே இல்லை.

பிட் ஆழமே ஒலியலையின் உயரத்தை அளக்கும் படிகளின் எண்ணிக்கையைத் தீர்மானிக்கிறது. 16 பிட்டில் 65,536 படிகள். 24 பிட்டில் ஒவ்வொரு படியும் மேலும் 256 கூறுகளாகும். என் பதிவில் அவர் குரல் 16 பிட் கணக்கில் ஏறத்தாழ 1,000 படி உயரம் எழுந்தது. அதை 60 டெசிபெல் குறைத்தால் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது ஒரே ஒரு படிதான் மிஞ்சும். அருகிலுள்ள முழு எண்ணுக்கு மாற்றும்போது வளைந்த அலை −1, 0, 1 என்ற மூன்று மதிப்புகளில் தாவும் கட்டங்களாகிறது. அக்கட்டங்களின் கூர்முனைகளே கரகரப்பு. அரைப்படிக்கும் கீழே இறங்கினால் எல்லாம் சுழியம். அதுவே அந்த அறுபடல்.

இதற்கு மருந்து, முழு எண்ணாக்குவதற்கு முன் சிறிது தற்செயல் இரைச்சலைச் சேர்ப்பது. இதுவே டிதர். அரைப்படிக்குள் அமையும் இரு தற்செயல் எண்களைக் கூட்டிச் சேர்ப்பது வழக்கம். 0.3 படி உயரமுள்ள ஒலியை எடுத்துக்கொள்வோம். டிதர் இல்லையேல் அது எப்போதும் 0. டிதர் சேர்த்தால் நூறு முறையில் ஏறக்குறைய 32 முறை 1, 2 முறை −1, எஞ்சிய 66 முறை 0. சராசரி 0.3. மறைந்த குரல் இரைச்சலுக்குள் உயிரோடிருக்கிறது. பிழை குரலைப் பின்தொடராமல், மாறாத மெல்லிய சீறலாகிவிடுகிறது. விலையும் உண்டு: இரைச்சல் 4.8 டெசிபெல் கூடும். லிப்ஷிட்ஸ், வாண்டர்கூய் இருவரும் 1984-இல் இக்கருத்தை விரிவாக எழுதினர்.

களப்பதிவில் வழக்கமாக இச்சிக்கல் தெரிவதில்லை. சில்வண்டும் காற்றும் ஒலிவாங்கியின் சீறலும் பல படிகள் உயரமுள்ளவை, தாமே டிதராகிவிடுகின்றன. நானோ ஒலியளவைக் குறைத்தபோது அந்தச் சில்வண்டையும் படிக்குக் கீழே தள்ளிவிட்டேன்.

கெட்ட 16 பிட் கோப்பில் பின்னர் டிதர் சேர்ப்பதால் பயனில்லை, இழந்தது மீளாது. 24 பிட் மூலத்திலிருந்து, எல்லாத் திருத்தமும் முடிந்தபின், கடைசிப் படியில் ஒருமுறை சேர்க்க வேண்டும். அவ்வாறே மீண்டும் எடுத்தேன். இழுப்பு சீறலுக்குள் சீராகத் தேய்ந்து மறைந்தது.

இயலிலிருந்து அந்த வாக்கியத்தை நீக்கிவிட்டேன். உடைந்தது அவர் குரலன்று, என் கணக்கு.