புள்ளி தொலைந்த தொப்பி

ஒரு டி-சட்டை, ஒரு தொப்பி, ஒரு ஸ்டிக்கர் தாள். மூன்றிலும் ஒரே சின்னம். காணொளிப் பக்கம் நடத்தும் நம் பிள்ளைகள் பலர் இப்போது இப்படி ஒரு தொகுப்பை விற்கிறார்கள். விற்கும் முன் அவர்கள் நமக்குக் காட்டுவது பெரும்பாலும் பொருளை அல்ல, அதன் படத்தை. 'மோக்அப்' என்பார்கள். பொருள் இன்னும் பிறக்கவே இல்லை. படம் மட்டும் பளபளவென்று வந்துவிடும்.

என் அக்கா மகனும் அப்படித்தான் ஆரம்பித்தான். ஜார்ஜ்டவுன் தெருக்களையும் சாப்பாட்டையும் படம் பிடிக்கிறவன். நம் பழைய இரண்டடுக்கு பெர்ரியைக் கோட்டோவியமாக வரைந்து, கீழே 'பினாங்கு' என்று எழுதியதுதான் அவன் சின்னம். 2020 டிசம்பர் 31ஆம் தேதியோடு ஓட்டத்தை நிறுத்திய அந்தப் பெர்ரிகளில் பட்டர்வொர்த்துக்குப் போய் வந்தவர்களுக்கு, பார்த்ததும் மனசு இளகத்தான் செய்யும். படம் போட்ட ஒரே வாரத்தில் நாற்பது பேர் பணம் கட்டிவிட்டார்கள்.

அந்தப் படம் எப்படி உருவாகிறது என்று தெரிந்துகொண்டால்தான் பின்னால் நடந்தது புரியும். வெறும் சட்டை, வெறும் தொப்பி, வெறும் தாள் மூன்றையும் ஒரே பின்னணியில், ஒரே வெளிச்சத்தில் எடுத்த படங்கள் ஆயத்தமாகக் கிடைக்கின்றன. சின்னத்தின் கோப்பை ஒருமுறை உள்ளே போட்டால் போதும். அது துணியின் மடிப்புக்கு ஏற்ப வளைந்து, நிழலும் வாங்கிக்கொண்டு, மூன்று இடத்திலும் போய் உட்கார்ந்துவிடும். மூன்றும் ஒரே குடும்பம்போலத் தெரிவது அந்த வெளிச்சத்தால்தான். சட்டையில் அது மையாக இருக்குமா, தொப்பியில் நூலாக இருக்குமா என்பது அந்தக் கோப்புக்குத் தெரியாது. அளவும் தெரியாது. திரையில் தொப்பியும் சட்டையும் கிட்டத்தட்ட ஒரே பெரிதாக நிற்கும்.

நிஜ அளவுக்கு வருவோம். அவன் சின்னம் ஏறக்குறைய சதுரம். சட்டையின் மார்பில் 28 சென்டிமீட்டர் அகலத்துக்கு அச்சடிக்க முடிவு செய்திருந்தான். தொப்பியின் முன்பக்கத்தில் பூத்தையல் போட வசதியான உயரமோ ஐந்தரை சென்டிமீட்டர்தான். ஆக, சின்னம் ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்க வேண்டும். சட்டையில் 5 மில்லிமீட்டர் இருந்த எழுத்தின் கோடு தொப்பியில் 1 மில்லிமீட்டர். 'ங்' தலையில் உள்ள புள்ளியும் அவ்வளவே. 'ன'வின் சுழிக்குள் இருக்கும் வெற்றிடம் அதைவிடக் குறைவு. பெர்ரியின் ஜன்னல் கோடுகள் ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒன்று.

பூத்தையல் இயந்திரத்தில் வழக்கமாக ஓடும் நூலே சுமார் 0.4 மில்லிமீட்டர் தடிமன். அதாவது ஜன்னல் கோட்டைவிட நூல் இரண்டு மடங்கு பருமன். சுழிக்குள் இருக்கும் வெற்றிடத்தை இரு பக்கத்து நூலும் நெருக்கி அடைத்துவிடும். புள்ளியின் கதை இன்னும் மோசம். அது எழுத்தோடு ஒட்டாமல் தனியாக நிற்பது. இயந்திரம் எழுத்தை முடித்து, நூலை வெட்டி, தாண்டிப் போய், இரண்டு மூன்று குத்து குத்திவிட்டுத் திரும்ப வேண்டும். அந்த இரண்டு மூன்று குத்தும் தடித்த தொப்பித் துணிக்குள் அமிழ்ந்துவிடும்.

மாதிரித் தொப்பி ஒன்று தைத்து வந்தது. பெர்ரி ஓர் இருட்டுப் பெட்டியாக இருந்தது. கீழே 'பினாஙகு'.

"யாரும் கவனிக்கமாட்டாங்க சித்தி" என்றான். பக்கத்தில் அம்மா உட்கார்ந்திருந்தார். தொப்பியை வாங்கிக் கையை நீட்டிப் பிடித்து, "பினா... இது என்னப்பா எழுத்து?" என்று பேரனைக் கேட்டார். அவன் பதில் சொல்லவில்லை.

கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது. எழுத்தின் உயரம் 5 மில்லிமீட்டர் இருந்தால் தெளிவாக வரும் என்பது இந்தத் தொழிலில் பொதுவாகச் சொல்லும் கணக்கு. அவன் எழுத்து 7 மில்லிமீட்டர். ஆனால் அந்தக் கணக்கு ஆங்கிலப் பெரிய எழுத்துகளை வைத்து வந்தது. அவற்றில் தனித்து நிற்கும் புள்ளியே கிடையாது. சின்ன எழுத்துகளில் இரண்டுக்கு உண்டு. அது போனாலும் சொல் மாறாது. தமிழில் புள்ளி போனால் மெய்யெழுத்து உயிர்மெய்யாகிவிடும். ஊர்ப் பெயரே வேறாகிவிடுகிறது. தமிழ்ச் சின்னம் வைத்திருப்பவர்கள் உயரத்தை அளப்பதோடு நிற்காமல், புள்ளியின் விட்டத்தையும் சுழியின் வெற்றிடத்தையும் அளந்து பார்ப்பது நல்லது. தொப்பியில் புள்ளிக்கு 2 மில்லிமீட்டராவது வேண்டும் என்பது இப்போது என் கணக்கு.

இன்னொன்றும் அந்த மாதிரியில் தெரிந்தது. ஆறு துண்டுத் துணியால் ஆன தொப்பியில் முன்பக்கம் நட்டநடுவே ஒரு தையல் மேடு ஓடும். சொல்லின் நடு எழுத்துகள் சரியாக அதன்மேல் போய் விழுந்து கோணியிருந்தன. மோக்அப் படத்திலும் அந்த மேடு இருக்கத்தான் செய்தது. சின்னம் அதன்மேல் பட்டுப்போல வழுக்கிக்கொண்டு போயிருந்தது, அவ்வளவுதான். முன்பக்கம் ஒரே துண்டாக வரும் ஐந்து துண்டுத் தொப்பியில் இந்தத் தொல்லை இல்லை.

சட்டையில் பிரச்சினை எதுவும் வரவில்லை. ஸ்டிக்கரில் சின்னம் 4 சென்டிமீட்டர்தான், தொப்பியைவிடச் சிறியது. இருந்தாலும் அச்சு மைக்கு அந்த நுணுக்கம் சாதாரணம், புள்ளி பிழைத்துக்கொண்டது. அங்கே கவனிக்க வேண்டியது வெட்டு. கத்தி மேல் தாளை மட்டும் வெட்டும், அடித்தாள் அப்படியே இருக்கும். படத்தின் விளிம்பை ஒட்டியே வெட்டினால், கத்தி இம்மி நகர்ந்தாலும் ஓவியம் நறுக்கப்படும். சுற்றிலும் 2, 3 மில்லிமீட்டர் வெள்ளை விளிம்பு விட்டால் தப்பிக்கலாம். பெர்ரியின் புகைபோக்கி மாதிரி மெல்லிசாக நீட்டிக்கொண்டிருப்பவற்றை விளிம்போடு சேர்த்து உருட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் முதலில் உரிவது அந்த மூக்குதான்.

எல்லாப் பொருளிலும் அப்படியே உட்காரும் சின்னங்களும் உண்டு. ரோலிங் ஸ்டோன்ஸ் இசைக்குழுவின் நீட்டிய நாக்கைப் பார்த்திருப்பீர்கள். 1970இல் லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் ஆர்ட் மாணவராக இருந்த ஜான் பாஷ் 50 பவுனுக்கு வரைந்தது. அதில் எழுத்தே இல்லை. தடித்த கோடு, சில நிறம், பெரிய பெரிய வடிவம். ஐந்தில் ஒன்றாகச் சுருக்கினாலும் நாக்கு நாக்காகவே இருக்கும். ஊர்ப் பெயரைத் தமிழில் போட வேண்டும் என்கிறவருக்கு அந்தச் சுலபம் கிடைக்காது. அவர் ஒரே சின்னத்தை இரண்டு மூன்று வடிவமாக வரைந்து வைத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

அவனும் அதைத்தான் செய்தான். தொப்பியின் முன்பக்கம் உயரம் குறைவு, ஆனால் அகலம் உண்டு. பெர்ரியை எடுத்துவிட்டு 'பினாங்கு' என்ற சொல்லை மட்டும் 10 சென்டிமீட்டருக்கு நீட்டினான். எழுத்து 13 மில்லிமீட்டர் உயரம் வந்தது. புள்ளியைக் கொஞ்சம் ஊதிப் பெரிதாக்கி, சுழியைத் திறந்துவிட்டான். அதே அளவில் தாளில் அச்செடுத்து, வெட்டித் தொப்பியில் ஒட்டி, இரண்டு மீட்டர் தள்ளி நின்று பார்த்தோம். அதற்குப் பிறகுதான் கடைக்குப் போனான். அதே தொப்பித் துணியில் ஒரு மாதிரி தைக்கச் சொல்லி, பக்கத்தில் அடிக்கோல் வைத்துப் படம் எடுத்தான். தையல் வழித்தடத்தைக் கணினியில் புதிதாக அமைத்ததற்குக் கடைக்காரர் தனிக் காசு வாங்கினார். நியாயம்தான், அது தனி வேலை.

பிறகு நாற்பது பேருக்கும் அந்த அடிக்கோல் படத்தை அனுப்பி, தொப்பி மாறியிருக்கிறது, வேண்டாமென்றால் பணம் திரும்ப வரும் என்று எழுதினான். மூன்று பேர் பெர்ரி இல்லாத தொப்பி வேண்டாம் என்றார்கள், அன்றே அனுப்பிவிட்டான். முதலில் வந்த 'பினாஙகு' தொப்பி இப்போது அம்மாவிடம் இருக்கிறது. செடிக்குத் தண்ணீர் ஊற்றும்போது போட்டுக்கொள்கிறார்.