கூலிங் கிளாஸும் ஒரு ஆடும்

டவுன்ல இருக்கிற நண்பர்கள் ரெண்டு மூணு பேரு ஒரே கேள்வியைக் கேட்டுட்டாங்க. "உங்க ஊர்ல ஒருத்தர ஒருத்தர் இப்படி ஓட்டுறீங்களே, சண்டையே வராதா?" வரும்ங்க. ஆனா அடிக்கடி வராது. எங்க நல்லம்பள்ளிப் பக்கம் கிண்டலுக்கும் ஒரு வரப்பு இருக்கு. எந்த வரப்பு யாரோடதுன்னு ஊருக்கே தெரியும். அதைத் தாண்டாத வரைக்கும் எவ்வளவு வேணாலும் பேசலாம்.

முதல்ல யாரு யாரைக் கிண்டல் பண்ணலாம்ங்கிறது. மாமன் மச்சான் முறைன்னா தாராளமா பண்ணலாம். பண்ணலைன்னாதான் "என்னப்பா, மச்சான் மேல கோவமா?"ன்னு கேப்பாங்க. பங்காளி முறைன்னா கொஞ்சம் அளந்து பேசணும். அங்க சொத்து, வழி, கிணத்துப் பங்குன்னு பழைய கணக்கு இருக்கும். விளையாட்டா சொன்னதும் அந்தக் கணக்குல போய்ச் சேர்ந்துடும். சம்பந்திகிட்ட வாயே திறக்கக் கூடாது. ராட்கிளிஃப்-பிரவுன்னு ஒரு மானுடவியல் அறிஞர் 1940ல இதைப் பத்தியே ஒரு கட்டுரை எழுதினாரு. சில உறவுகள்ல ஒருத்தர் கேலி பண்ணலாம், இன்னொருத்தர் அதுக்குக் கோவிச்சுக்கக் கூடாதுங்கிறதே வழக்கமா இருக்குன்னு சொன்னாரு. எங்க ஊர்ப் பாட்டிங்களுக்கு அது எந்தக் கட்டுரையும் படிக்காமலே தெரியும்.

அடுத்தது பதில் சொல்ற விதம். நாங்க இருக்கறது அதியமான் கோட்டைக்குப் பக்கத்துல. அதியமானுக்காகத் தொண்டைமான்கிட்ட தூது போன ஔவையார் கதை உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும். புறநானூத்துல 95வது பாட்டு அது. தொண்டைமான் தன்னோட ஆயுதக் கொட்டிலைக் காட்டுறான், தன் பலத்தைப் பாருன்னு. ஔவை என்ன சொன்னாங்க? இங்க இருக்கிறதெல்லாம் மயில் பீலி கட்டி, மாலை போட்டு, நெய் பூசி, காவலோட அழகா இருக்கு. எங்க ஆளோடதுதான் பாவம், குத்திக் குத்தி நுனி உடைஞ்சு கொல்லன் பட்டறையிலயே கிடக்குதுன்னாங்க. எதிராளியோட பொருளை ஒரு வார்த்தை மட்டமா சொல்லல. அதை முழுசா ஒத்துக்கிட்டு, குறையைத் தன் பக்கம் எடுத்துக்கிட்டாங்க. கேட்டவனுக்குப் புரிய வேண்டியது புரிஞ்சிடுச்சு. கோவப்படத்தான் அவனுக்கு இடமே இல்ல.

தூது போகும்போது அதுல ஒரு கூர்மை இருக்கணும். நண்பர்களுக்குள்ள அந்தக் கூர்மை வேண்டாம், அந்த வடிவம் மட்டும் போதும். முதல்ல ஒத்துக்கணும். அப்புறம் விழறது நம்ம பக்கம் விழணும்.

போன மாசம் நடந்த ஒண்ணை வெச்சே சொல்றேன். என் கூட்டாளி ஒருத்தன், பேரு வேண்டாம், ஒரு ஏக்கர்ல குச்சி நட்டுக் கட்டின தக்காளி வெச்சிருக்கான். காய் நல்லா பிடிச்சிருந்தது. வெள்ளைச் சட்டை போட்டு, வேட்டிய மடிச்சுக் கட்டி, கூலிங் கிளாஸோட வரப்புல நின்னு "ஒரு போட்டோ எடுடா"ன்னான். எடுத்துக் குடுத்தேன். அவன் அதை எங்க வாட்ஸ்அப் குழுவுல போட்டான். போட்டதுக்கு அப்புறம்தான் எல்லாருமே பார்த்தோம், ஓரமா ஒரு ஆடு தலையை வேலிக்குள்ள விட்டு செடியை மேஞ்சுகிட்டிருக்கு.

அப்புறம் சும்மா இருப்பாங்களா? முதல் ஆளா அவன் மச்சான் வந்தாரு: "யாருப்பா இது, ஓட்டு கேக்க வந்த வேட்பாளரா?" இவன் பதில்: "ஓட்டு வேணாம் மச்சான். களை எடுக்க ஒரு ஆள அனுப்புங்க, போதும்."

அடுத்து ஒரு மாமா: "கண்ணாடி திருவிழாக் கடையிலயா?" இவன்: "ஆமாங்க மாமா, அம்பது ரூபா. வெயிலும் தெரியல, வழியும் தெரியல."

கூடப் படிச்சவன் ஒருத்தன்: "நீ போஸ் குடு, ஆடு வெள்ளாமைய முடிச்சிடும்." இவன்: "விடு மச்சி. பேரம் பேசாம எடுத்துக்கற ஒரே வியாபாரி அதுதான்." இதுக்குக் குழுவே சிரிச்சுது. பாலக்கோடு மார்க்கெட்டுக்கு ஒரு தடவையாவது தக்காளி ஏத்திட்டுப் போனவனுக்குத்தான் அந்தச் சிரிப்போட முழு ருசி தெரியும்.

இந்த மூணுலயும் ஒண்ணைக் கவனிங்க. எதுவும் ஒரு மூச்சுக்கு மேல போகல. பதில் நீளமானா அது விளக்கம். விளக்கம் சொல்ல ஆரம்பிச்சாலே பட்டுடுச்சுன்னு அர்த்தம். எதிராளியும் உடனே சங்கடமாயிடுவான். இன்னொண்ணு, எந்தப் பதிலும் கேட்டவனைத் திருப்பிக் குத்தல. ஒண்ணு தன் மேல விழுந்துது, ஒண்ணு கண்ணாடி மேல, ஒண்ணு ஆட்டு மேல.

உடம்பைத் தொட்டா கொஞ்சம் கஷ்டம். இன்னொரு மாமா, "தொப்பை போட்டோவுக்குள்ள அடங்கலையே"ன்னு போட்டாரு. அவருக்கே நல்ல தொப்பை. அதைச் சொல்லித் திருப்பறது ரொம்ப சுலபம். இவன் போட்டது: "அதுல பாதி உங்க வீட்டு விருந்து மாமா. அக்கா கைப்பக்குவத்தக் குறை சொல்லாதீங்க." மாமாவுக்கு அதுக்கு மேல பேச வழியில்ல. வீட்டுல அந்தம்மா அதைப் படிச்சுட்டு, "அந்தத் தம்பிய ஞாயித்துக்கிழமை சாப்பிட வரச் சொல்லுங்க"ன்னாங்களாம். தொப்பைக்கு இன்னொரு விருந்து சேர்ந்துது.

நான் அவனுக்காகப் பதில் போட்டது ஒண்ணே ஒண்ணு. "போட்டோ கோணலா இருக்கே, யாரு எடுத்தது?"ன்னு ஒருத்தர் கேட்டாரு. "நான்தாங்கண்ணா. இவன் அழகைப் பார்த்து கை நடுங்கிடுச்சு"ன்னேன். கூட்டாளிக்காகப் பேசும்போது எனக்கு ஒரே கணக்குதான். கிண்டலை என் பக்கம் இழுத்துக்கலாம். அவனைப் பத்தி அவன் சொல்லாத எதையும் நான் சொல்லக் கூடாது.

ராத்திரி எட்டு மணிக்கு ஒண்ணு வந்துது: "கண்ணாடி எல்லாம் சரி, கடனைக் கட்டியாச்சா?"

போட்டவரு கெட்டவரு இல்ல. சிரிப்போட சிரிப்பா வந்த வேகம் அது. ஆனா அதுக்குப் பின்னால ஒரு கதை இருக்கு. 2023 ஜூலையில கடைகள்ல தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டிச்சு, உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். அந்த விலையைப் பார்த்துக் கடன் வாங்கி நட்டவங்கள்ல இவனும் ஒருத்தன். நாத்து நட்டு முதல் பறிப்புக்கு வர ரெண்டு மாசத்துக்கு மேல ஆகும். இவன் காய் பழுத்தது செப்டம்பர் கடைசியில. அப்போ பறிக்கிற கூலிக்கே கட்டாத விலை. பாதியைச் செடியிலயே விட்டுட்டான். அதுக்கப்புறம் ரொம்ப நாளு குழுவுல ஒரு வார்த்தை எழுதினதில்ல. இந்தப் போட்டோதான் அவன் திரும்பி வந்த முதல் போட்டோ.

அந்தக் கேள்விக்கு அப்புறம் குழுவே அமைதி. கிண்டல் தப்பா விழுந்ததுக்கு அடையாளம் அதுதான். கோவமா பதில் வந்தாக்கூடப் பரவாயில்ல, பேசித் தீர்த்துக்கலாம். எப்பவும் எழுதறவன் ஒரு கட்டை விரலை மட்டும் போட்டுட்டுப் போனா, இல்ல பார்த்துட்டு ஒண்ணுமே சொல்லலைன்னா, பட்டிருக்குன்னு அர்த்தம். டீக்கடையில நேர்லன்னா ஆளு துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டு, "சரி, தண்ணி கட்டணும்"னு எழுந்துடுவான். மோட்டாருக்குக் கரன்ட் இல்லாத நேரத்துல தண்ணி கட்டப் போறேன்னு சொன்னா புரிஞ்சுக்க வேண்டியதுதான்.

இவன் எனக்குப் போன் போட்டான். "என்னடா போடறது? நீயே எதாவது எழுதேன்"ன்னான். அதுக்கு நான் எழுத மாட்டேன்னு சொல்லிட்டேன். கடனை வெச்சு சிரிக்கறதுக்குக் கடன்காரனுக்கு மட்டும்தான் உரிமை. நான் எழுதினா அது இன்னொரு குத்து. "இஷ்டம் இருந்தா நீ எழுது, இல்லைன்னா விட்டுடு. விட்டாலும் யாரும் கேக்க மாட்டாங்க"ன்னேன்.

பத்து நிமிஷம் கழிச்சு அவன் போட்டான்: "கடன் கண்ணுல படாம இருக்கத்தான மச்சான் கண்ணாடியே!"

படிச்சுட்டு நான் கொஞ்ச நேரம் போனைக் கையில வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். ஒத்துக்கிட்டான், பெருசாக்கினான், தன் பக்கமே இழுத்துக்கிட்டான். கேட்டவருக்கும் வெளியே வர ஒரு வழி விட்டான். குழுவுல சிரிப்பு திரும்ப வந்துது. ஆனா அதோட விஷயம் முடிஞ்சுதுன்னு விடக் கூடாது. சிரிச்சுட்டான்ங்கிறதுக்காக வலிக்கலைன்னு ஆயிடாது. கேட்டவருக்குத் தனியா போன் பண்ணினேன். திட்டல. "மாமா, அவன் ரெண்டாயிரத்து இருவத்தி மூணுல விட்ட தக்காளிக்கு இன்னும் தவணை கட்டறான்"னு மட்டும் சொன்னேன். அந்தப் பக்கம் ரொம்ப நேரம் சத்தமில்ல. "சரிப்பா"ன்னு வெச்சுட்டாரு. இதைக் குழுவுலயே சொல்லியிருந்தா அவருக்கு அவமானம், இவனுக்கும் அவமானம். தனியா சொல்ல வேண்டியதைத் தனியாத்தான் சொல்லணும்.

மறுநாள் விடிய டெம்போவுல வந்து இருபது கிரேட் இறக்கினாரு. பறிப்பு நேரத்துல எங்க பக்கம் காலி கிரேட் கிடைக்கறது லேசில்ல. மன்னிப்புன்னு ஒரு வார்த்தை இல்ல. "உன் கண்ணாடியக் கழட்டிட்டு எண்ணிக்கோ, இருபது இருக்குதா"ன்னாரு. இவன் கழட்டாமலே எண்ணி, "முப்பது இருக்குதுங்க மாமா"ன்னான்.