உம்மாவின் பாதமும் கட்டில் காலும்

என் உம்மாவுக்கு நீரிழிவு நோய் உண்டு. சென்ற ஆண்டு அவரது இடது பாதத்தில், பெருவிரலுக்குக் கீழே ஒரு புண் வந்தது. வாரம் ஒருமுறை மருத்துவரிடம் நேரில் செல்வோம். இடைப்பட்ட நாட்களில் கட்டு மாற்றும்போது புண்ணைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அவருக்கு அனுப்புவேன். அது தெருவில் யாருக்கும் தெரியக்கூடாது என்று உம்மா முதல் நாளே சொல்லிவிட்டார். மற்றவர்கள் பரிதாபமாக விசாரிப்பதை அவரால் தாங்கமுடியாது.

ஒரு நாள் மருத்துவர், "இந்தப் படத்தை அறுவைச் சிகிச்சை நிபுணர் ஒருவரிடம் காட்டட்டுமா?" என்று கேட்டார். உம்மாவிடம் கேட்டுச் சம்மதித்தேன். மூன்றாம் நாள் சாச்சி தொலைபேசியில் அழைத்து உம்மாவின் கால் எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். அந்த நிபுணருடன் பணிபுரியும் எங்கள் ஊர்ப் பெண் ஒருவர் படத்தைப் பார்த்திருக்கிறார். படத்தின் ஓரத்தில் எங்கள் வீட்டுப் பழைய கட்டிலின் பூவேலைக் கால். மறு ஓரத்தில் உம்மாவின் பெயர் எழுதிய மாத்திரை உறை. அடையாளம் காண அவ்வளவே போதுமாக இருந்தது.

"நீயாம்மா சொன்னாய்?" என்று உம்மா கேட்டார். இல்லை என்றேன். ஆனால் அந்த இல்லை எனக்கே உண்மையாகப் படவில்லை. ஒருவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு நம்மிடம் சொல்லும் செய்தி அமானிதம் என்று மார்க்கம் கற்பிக்கிறது. நான் வாயால் சொல்லவில்லை. என் படம் சொல்லிவிட்டது.

மறுநாள் அனுப்பிய படத்தைப் புண் மட்டும் தெரியும்படி நெருக்கமாக வெட்டினேன். மருத்துவர் உடனே, "சுற்றியுள்ள தோல் எங்கே? இது எந்தக் கால்?" என்று கேட்டார். பிறகு பொறுமையாக விளக்கினார். புண்ணின் விளிம்பிலிருந்து சிவப்பு எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பதை அவர் பார்க்கவேண்டும். அது 2 சென்டிமீட்டரைத் தாண்டினால் தொற்று தீவிரமாகிறது என்று கொள்வார்கள். நான் வெட்டியெறிந்தது அந்தச் சிவப்பைத்தான். நீக்கவேண்டியது நோயாளியைச் சூழ்ந்த வீட்டை. புண்ணைச் சூழ்ந்த தோலை அன்று.

அதன்பின் வெட்டும் வேலையைப் படமெடுக்கும் முன்பே தொடங்கினேன். பாதத்தின் கீழே கோலமில்லாத வெளிர்நீலத் துணியொன்றை விரித்தேன். பளிச்சென்ற வெள்ளைத் துணி வேண்டாம். அதன் வெளிச்சத்துக்கு ஈடுசெய்து கேமரா தோலைக் கருமையாக்கிக் காட்டும். புண்ணின் அருகே, அதைத் தொடாமல், சென்டிமீட்டர் குறித்த காகித அளவுகோல். ஜன்னல் வெளிச்சத்தில் இரண்டு படங்கள்: பாதம் முழுவதும் தெரியும்படி ஒன்று, புண்ணும் அதைச் சுற்றி நான்கு விரற்கடைத் தோலும் தெரியும்படி மற்றொன்று. நெருங்கிய படத்தை ஜூம் செய்யாமல், கைபேசியையே அருகில் கொண்டுசென்று எடுத்தேன். தூரத்திலிருந்து எடுத்துப் பின்னர் வெட்டினால், எஞ்சும் பகுதி மங்கிவிடும்.

வாட்ஸ்அப்பில் படத்தைத் தேர்ந்தெடுத்ததும் மேலே வெட்டும் குறி இருக்கும். அதை அழுத்தி, மூலைகளை உள்ளே இழுத்து, துணியும் பாதமும் மட்டும் எஞ்சும்படி செய்வேன். அனுப்புமுன் நான்கு ஓரங்களையும் ஒருமுறை பார்ப்பேன். கண்ணாடியோ பளபளக்கும் எவர்சில்வர் தட்டோ இருந்தால், முக்காடு இல்லாத தங்கையின் முகம்கூட அதில் தெரியக்கூடும். நிறத்தை அழகாக்கும் ஃபில்டர்களைத் தொடமாட்டேன். சிவப்பும் கருப்பும் மாறினால் மருத்துவரின் தீர்ப்பும் மாறும்.

படத்தை 'டாக்குமென்ட்' ஆக அனுப்புவதையும் நிறுத்தினேன். அப்படி அனுப்பும்போது, எடுத்த இடத்தின் விவரம் கோப்பில் பதிந்திருந்தால் அதுவும் சேர்ந்தே போகும். வெட்டாத மூலப்படம் கேலரியில் தங்கிவிடுவதால், வீட்டார் பகிர்ந்து பார்க்கும் தொகுப்பில் அது ஏறிவிடாதபடி, அன்றன்றே குப்பைத்தொட்டி வரை சென்று அழித்தேன்.

பெயரைப் படத்திலிருந்து நீக்கியபின், இது யாருடைய புண் என்று மருத்துவர் குழம்பக்கூடாது. அதனால் தனிச்செய்தியாக, "இடது பாதம், 12ஆம் நாள், நேற்றிரவு காய்ச்சல் இல்லை" என்று உம்மாவின் பெயரோடு எழுதினேன். படத்தை அவர் வேறொருவருக்குக் காட்டினாலும் அந்த எழுத்து அதனுடன் போகாது.

வெட்டினாலும் மறையாதவை உண்டு. உம்மாவின் கணுக்காலில் பழைய தீக்காயத் தழும்பு ஒன்று உள்ளது. தெரிந்தவர்கள் அதைக் கொண்டே அறிவார்கள். முழுப்பாதப் படத்தைக் கணுக்காலுக்குக் கீழே நிறுத்திக்கொண்டேன். சிவப்பு அதுவரை ஏறியிருந்தால் தழும்போடுதான் அனுப்பியிருப்பேன், உம்மாவிடம் சொல்லிவிட்டு.

அல்ஹம்துலில்லாஹ், புண் ஆறிவிட்டது. கடைசிப் படத்தை அனுப்புமுன் உம்மா கைபேசியை வாங்கிப் பார்த்தார். நீலத்துணியும் ஒரு பாதமும் மட்டுமே இருந்தன. "இது யார் காலோ!" என்று சிரித்துவிட்டுத் திருப்பித் தந்தார்.