மூன்று புள்ளிகள்

2015 டிசம்பர் 1, இரவு ஏழே முக்கால் மணி. என் அக்காவிடமிருந்து ஒரு செய்தி வந்தது. நான் அதைத் திறக்கவில்லை. கைபேசி என் கையில்தான் இருந்தது. பாதிக்கு மேல் சார்ஜ் இருந்தது. சிக்னலும் இருந்தது. திறந்தால் நீல டிக் விழும், நான் படித்துவிட்டேன் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். அது தெரியக்கூடாது என்றுதான் திறக்கவில்லை.

மற்றதையெல்லாம் இதற்குப் பிறகு சொல்கிறேன். தீர்ப்பு சொல்ல இருப்பவர்கள் முதலில் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அதற்குப் பதினைந்து நாள் முன்பு எங்களுக்குள் சண்டை. அம்மா அக்காவுடன் கோட்டூர்புரத்தில் இருந்தாள். அடையாற்றை ஒட்டிய அடுக்குமாடியில் தரைத்தளம். மழை நிற்கும்வரை அம்மாவைக் கொட்டிவாக்கத்துக்கு அழைத்து வருகிறேன் என்றேன். பேச்சு எங்கெங்கோ போனது. அப்பா படுத்திருந்த காலத்தில் யார் பார்த்தார்கள், யார் பார்க்கவில்லை என்பதுவரை போனது. கடைசியில் அக்கா சொன்னாள்: "அம்மாவ கூட்டிட்டுப் போக நீ வர வேணாம்." நான் பதில் சொல்லாமல் வண்டியை எடுத்தேன். அவளே கூப்பிடும்வரை போவதில்லை என்று வழியிலேயே முடிவு செய்தேன். அந்த முடிவில் எனக்கு ஒரு சுகம் இருந்தது. அதையும் மறைக்கவில்லை.

டிசம்பர் 1 காலையிலிருந்தே மழை விடவில்லை. எங்கள் தெரு கிழக்குக் கடற்கரைச் சாலைக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிறது. மணல் பூமி. பெய்த தண்ணீரை அதுவே குடித்துக்கொண்டது. மின்சாரம் போயிருந்தது, அவ்வளவுதான். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அலுவலக வாட்ஸ்அப் குழுவில் மழைப் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது பட்டியலின் உச்சியில் அக்காவின் பெயர் ஏறி வந்தது. கீழே ஒரே ஒரு வரி.

"அம்மாவ கூட்டிட்டுப் போக நீ வர…"

அந்த வரியையும் அந்த மூன்று புள்ளிகளையும் பார்த்தேன். எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்று நினைத்தேன்.

தமிழில் ஒரு வாக்கியத்தை இந்த இடத்தில் நிறுத்தினால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். "நீ வர" என்பதற்குப் பின் வரணும் என்று இருக்கலாம். வரலாம், வர முடியுமா, வரமாட்டியா, வர வேணாம் என்றும் இருக்கலாம். நம் மொழியில் வினை கடைசியில் நிற்கிறது. ஆமா, இல்லை என்பது அந்த வினையின் வாலில் இருக்கிறது. வாலை வெட்டினால் அழைப்புக்கும் மறுப்புக்கும் ஒரே முகம். தொல்காப்பியம் எச்சங்களைப் பத்தாக எண்ணிச் சொல்கிறது. சொல்லாமல் விட்டதை இடம் பார்த்துக் கேட்பவன் நிரப்பிக்கொள்வான் என்ற நம்பிக்கை அந்தக் கணக்குக்குப் பின்னால் இருக்கிறது. நான் இடம் பார்க்கவில்லை. பதினைந்து நாள் பழைய கோபத்தைப் பார்த்தேன். அவள் அன்று சொன்ன வாக்கியத்தின் வாலை எடுத்து இதில் ஒட்டினேன். வர வேணாம்.

பிறகு புள்ளிகளுக்கு அர்த்தம் தேடினேன். அவள் தயங்குகிறாள் என்று முடிவு கட்டினேன். "வேணாம்" என்று எழுதக் கை வரவில்லை, "வா" என்று எழுத மனசு வரவில்லை. இரண்டுக்கும் நடுவில் நிற்கிறாள். நிற்கட்டும், முழுசாக எழுதட்டும், அப்புறம் பார்க்கலாம். எட்டரைக்கு ஒருமுறை பார்த்தேன். ஒன்பதுக்கு முன் இன்னொருமுறை பார்த்தேன். அதே வரி, அதே புள்ளிகள். யாரோ கூப்பிட, பாதியில் விட்டிருப்பாளோ என்று ஒரு கணம் தோன்றியது. அதையும் எனக்குச் சாதகமாகவே எடுத்துக்கொண்டேன். அவசரம் என்றால் மிச்சத்தை எழுதியிருப்பாளே. பத்தரைக்குப் படுத்துத் தூங்கிவிட்டேன்.

தயக்கமா, தடையா என்று அவ்வளவு நேரம் யோசித்தவன் மூன்றாவது ஒன்றை யோசிக்கவில்லை. அந்தப் புள்ளிகளை அக்கா வைக்கவே இல்லை. என் கைபேசி வைத்தது. உரையாடல் பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் கீழே ஒரு வரி அளவுக்குத்தான் இடம். செய்தி அதைவிட நீளமானால் மென்பொருள் விளிம்பில் வெட்டும். வெட்டிய இடத்தில் மூன்று புள்ளி வைக்கும். சொல்லின் நடுவிலும் வெட்டும். தமிழ் எழுத்துகள் அகலமானவை, அதனால் நமக்கு இன்னும் சீக்கிரமே வெட்டு விழும். விரலால் ஒருமுறை தொட்டிருந்தால் புள்ளிகள் மறைந்து மிச்சம் வந்திருக்கும்.

எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அடையாளங்கள் கண்ணெதிரே இருந்தன. மனிதர் போடும் புள்ளிக்குக் கணக்கு கிடையாது. இரண்டு இருக்கும், ஐந்து இருக்கும், வரியின் நடுவிலும் வரும். இயந்திரம் போடுவது எப்போதும் மூன்று, நெருக்கமாக, வலது ஓரத்தில். அதே பட்டியலில் அக்காவுக்குக் கீழே இருந்த பெயர்களைப் பார்த்திருந்தால் பாதிக்கு மேல் அப்படித்தான் முடிந்திருக்கும். அத்தனை பேருமா ஒரே இரவில் தயங்குவார்கள்? இன்னொன்று, என் அக்காவின் கை எனக்குத் தெரியும். அவளுக்குக் காற்புள்ளியும் முற்றுப்புள்ளியும் கிடையாது. எல்லாவற்றுக்கும் இரண்டு புள்ளி. "சாப்டியா.. மழை எப்படி.." என்றுதான் எழுதுவாள். மூன்று புள்ளி அவள் கையெழுத்தே இல்லை.

தடைபட்டிருப்பாள் என்று நினைத்ததும் தவறுதான். எழுதும்போது யாராவது கூப்பிட்டால் நாம் புள்ளி வைத்து அனுப்பிவிட்டா எழுந்து போகிறோம்? பாதிச் செய்தி பெட்டியிலேயே கிடக்கும். கை தவறி அனுப்பிவிட்டால் வாக்கியம் மொட்டையாக வந்து நிற்கும், புள்ளி இருக்காது. நாடகத்தில் மட்டும் அது வேறு. அச்சிட்ட ஆங்கில நாடகத்தில் பேச்சு அறுபடுவதைக் குறியிட்டுக் காட்டியதற்கு ஆகப் பழைய உதாரணமாகச் சொல்லப்படுவது, டெரன்ஸ் எழுதிய லத்தீன் நாடகத்தின் 1588ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பு. அதில் சிறு கோடுகளை வைத்தார்கள். அங்கே குழப்பம் வராது. அடுத்த வரியில் குறுக்கே பேசியவரின் பெயர் இருக்கும். என் கையில் அடுத்த வரி இல்லை. இருந்தது, நான் திறக்கவில்லை.

டிசம்பர் 2, காலை ஆறு மணி. மழை ஓய்ந்திருந்தது, சிக்னலும் ஓய்ந்திருந்தது. அப்போதுதான் திறந்தேன். செய்தி முந்தைய இரவே என் கைபேசிக்குள் முழுசாக இறங்கியிருந்தது.

"அம்மாவ கூட்டிட்டுப் போக நீ வரணும்டா.. ஆத்துல தண்ணி ஏறுது.. கீழ இருக்க பயமா இருக்கு.. கோவத்த அப்புறம் வச்சிக்கலாம்.. சீக்கிரம்"

வர என்பதற்குப் பின்னால் ணும் என்ற இரண்டே எழுத்து. வெட்டு அங்கே விழுந்திருக்கிறது.

டிசம்பர் 1 மாலை செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து திறந்த தண்ணீர் வினாடிக்கு 29,000 கன அடி வரை போனது. தாம்பரத்தில் ஒரே நாளில் 490 மில்லிமீட்டர் மழை. இரண்டும் அடையாற்றில் சேர்ந்து வந்தன. இதைச் சொல்லி நான் தப்பிக்க முடியாது. சைதாப்பேட்டைக்காரர்கள் பாலம் தாண்ட முடியவில்லை என்று சொல்லலாம். கோட்டூர்புரம் ஆற்றுக்குத் தெற்கே, எங்கள் பக்கம்தான் இருக்கிறது. திருவான்மியூர், அடையாறு, சர்தார் படேல் சாலை, காந்தி மண்டபம் சாலை. ஏழெட்டு கிலோமீட்டர். ஆற்றுப் பாலம் எதையும் தாண்ட வேண்டியதில்லை. எட்டு மணிக்குக் கிளம்பியிருந்தால் மெதுவாகப் போயிருந்தாலும் ஒன்பதுக்குள் அம்மா காரில் இருந்திருப்பாள்.

ஒன்பது மணிக்கு அங்கே என்ன நடந்தது என்பதைப் பிறகு பக்கத்து வீட்டு அம்மாள் சொன்னார். அவர்கள் பெசன்ட் நகருக்குக் கிளம்பினார்களாம். காரில் இரண்டு பேருக்கு இடம் இருந்ததாம். அக்கா வேண்டாம் என்றிருக்கிறாள். "தம்பி வருவான்."

நள்ளிரவு தாண்டித் தண்ணீர் உள்ளே வந்தது. இடுப்பளவு ஏறியது. மாடிவீட்டுப் பையனும் அக்காவும் அம்மாவைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து இருட்டில் படியேற்றினார்கள். அக்கா வழுக்கி விழுந்தாள். வலது மணிக்கட்டு முறிந்தது. அம்மாவின் இன்சுலின் குளிர்பெட்டியோடு மூழ்கியது. நான் தண்ணீரில் நடந்து போய்ச் சேர்ந்தது மறுநாள் மதியம். அன்றும் மறுநாளும் மருந்து கிடைக்கவில்லை. அம்மா ஐந்து நாள் மருத்துவமனையில் கிடந்தாள். மணிக்கட்டு சரியாகக் கூடவில்லை. இன்றும் அக்காவால் ஊறுகாய் ஜாடி மூடியைத் திருக முடியாது. மழை பெய்தால் அம்மா கட்டிலில் உட்கார்ந்தே இருப்பாள், படுக்கமாட்டாள்.

இன்னொரு குற்றம் பாக்கி இருக்கிறது. மருத்துவமனை வராந்தாவில் அக்கா என்னிடம் எதுவும் கேட்கவில்லை. நானே சொன்னேன். "அன்னிக்கு ராத்திரி நெட்வொர்க்கே இல்லக்கா. மெசேஜே மறுநாள் காலையிலதான் வந்துச்சு." அந்த வாரம் சென்னையில் பாதிப் பேருக்கு அது உண்மை. எனக்குப் பொய். ஊரின் துயரத்தை எடுத்து என் பொய்க்குப் போர்வையாக்கினேன். "சரிடா" என்றாள்.

ஒன்பது வருடம் அந்தப் பொய்யோடு அவள் வீட்டில் சாப்பிட்டேன். போன வருடம் ஐப்பசியில் ஒருநாள் சொல்லிவிட்டேன். அக்கா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள், நிமிரவில்லை.

"தெரியும்டா. நீ கடைசியா எப்ப பாத்தேன்னு உன் பேருக்குக் கீழயே காட்டுச்சே. எட்டு அம்பத்திரண்டு. இப்பதான் உள்ள வந்திருக்கான், பாத்திருப்பான், வந்துருவான்னு நெனச்சேன். அதான் அவங்க கார்ல ஏறல."

நீல டிக்கை மறைத்தவன் அந்த நேரத்தை மறைக்க மறந்திருக்கிறேன். என் கர்வம் அவளுக்கு நம்பிக்கையாகத் தெரிந்திருக்கிறது. அதை நம்பித்தான் அவள் உட்கார்ந்திருந்தாள்.

மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அவள் இப்போதும் எனக்குச் செய்தி அனுப்புகிறாள். ஆனால் அந்த டிசம்பருக்குப் பிறகு அவள் எழுதும் முறை மாறிவிட்டது. அதை வேகத்தில் எழுதும் பழக்கம் என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தேன். வினைச்சொல் முதலில் வருகிறது. நேற்று வந்தது இது.

"வா.. அம்மாவுக்கு ஊசி தீந்துடுச்சு.. வரும்போது வாங்கிட்டு"