சிவப்பு மை குறைந்த நோட்டு

ஜூன் மாதம் எட்டாம் வகுப்புப் பெற்றோருக்கு ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தேன். இனி இலக்கணத்தைக் கோடிட்ட இடம் நிரப்பும் பயிற்சியாக நடத்தப்போவதில்லை, பிள்ளைகள் எழுதுவதிலிருந்தே எடுத்து நடத்தப்போகிறேன் என்று சொல்லவேண்டும். இரண்டு வரியில் முடியும் என்று நினைத்தேன். மூன்று நாள் ஆனது.

முதல் வரைவில் 'வல்லினம் மிகும் இடங்கள்', 'பெயரெச்சம்' என்று எழுதியிருந்தேன். படித்துப் பார்த்த என் மனைவி, "இது பெத்தவங்களுக்கா, பரீட்சைக்கா?" என்றாள். கிழித்துவிட்டு, ஒரு மாணவியின் நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மறுபடி ஆரம்பித்தேன்.

அந்த மாணவி முந்தைய வாரம் ஒற்று மிகும் இடங்களுக்கான பயிற்சியில் பத்துக்குப் பத்து வாங்கியவள். அடுத்த வாரம் தன் மாமாவைப் பற்றி எழுதச் சொன்னபோது இப்படி எழுதினாள்: "மாமா கீரை கடை வைத்திருக்கிறார். விடியும் முன் சந்தைக்கு போவார். அரைக்கீரையை பார்த்து வாங்குவார்." மூன்று வாக்கியம், மூன்றிலும் ஒற்று இல்லை. பயிற்சியில் கோடு இருந்தது. அங்கே ஏதோ போடவேண்டும் என்று கோடே சொல்லிக்கொடுத்தது. சொந்த வாக்கியத்தில் கோடு யார் போடுவார்கள்?

ஆனால் இன்னொன்றையும் பாருங்கள் என்று கடிதத்தில் எழுதினேன். 'அரைக்கீரை' என்பதைச் சரியாக எழுதியிருக்கிறாள். அது அவள் வாயில் ஒரே சொல்லாகப் புழங்குவது. அங்கிருந்துதான் தொடங்கினோம். எழுதியதை உரக்கப் படிக்கச் சொன்னேன். 'கீரைக் கடை' என்று அழுத்தித்தான் படித்தாள். "நீ எழுதியது அப்படி இல்லையே, 'கீரை கடை' என்றல்லவா இருக்கிறது? மத்தை எடுத்துக் கீரையைக் கடையச் சொல்கிறாயா?" என்றேன். வகுப்பே சிரித்தது. ஒற்றை அவளே போட்டாள். 'சந்தைக்கு', 'கீரையை' இரண்டும் மிஞ்சின. '-க்கு', '-ஐ' என முடியும் சொற்களை நோட்டு முழுக்க வட்டமிடச் சொன்னேன். அவற்றுக்குப் பின்னால் க, ச, த, ப வந்தால் ஒற்று மிகும் என்ற விதியை அதற்குப் பிறகுதான் பலகையில் எழுதினேன். நான்காம் வேற்றுமை, இரண்டாம் வேற்றுமை என்ற பெயர்கள் கடைசியில் வந்தன.

காது எல்லா இடத்திலும் கைகொடுக்காது. 'அந்தப் பையன்' என்பதைப் பேச்சில் பலரும் அழுத்துவதில்லை. அங்கே விதியைத்தான் பிடித்துக்கொள்ளவேண்டும். தவிர, ஒற்றின் ருசி கண்ட பிள்ளைகள் கொஞ்ச நாள் எல்லா இடத்திலும் அதைத் தூவுவார்கள். 'வந்தப் பையன்' என்று எழுதுவார்கள். அது பிழைதான், ஆனால் தேடத் தொடங்கிவிட்டதற்கு அடையாளம். அந்த வாரம் 'தந்த பலகை', 'தந்தப் பலகை' இரண்டையும் பலகையில் எழுதுவேன். ஒன்று யாரோ கொடுத்தது, மற்றது யானைத் தந்தத்தால் ஆனது.

கடிதத்தில் எனக்குப் பெரிய சங்கடம் கொடுத்த பத்தி சிவப்பு மை பற்றியது. ஒரு வாரத்துக்கு ஒரே வகைப் பிழையைத்தான் திருத்துவேன். ஒற்று வாரத்தில் 'மாடுகள் வந்தது' என்று இருந்தால் விட்டுவிடுவேன். 'வந்தன' அதன் வாரத்தில் வரும். நோட்டைப் புரட்டும் அப்பா வாத்தியார் பார்க்கவே இல்லை என்றுதான் நினைப்பார். ஒருவர் நேரிலேயே வந்து, "சார், திருத்துறதே இல்லையா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஒரு பக்கத்தில் இருபது சிவப்புக் குறி இருந்தால் பிள்ளை ஒன்றையும் படிப்பதில்லை, மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு மூடிவிடுகிறது. அதனால் இடப்பக்கம் முதல் வரைவு, வலப்பக்கம் திருத்தி எழுதியது. என் உழைப்பைத் தேடுகிறவர்கள் இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று எழுதினேன்.

எல்லாவற்றையும் இப்படி நடத்தமுடியாது என்பதையும் மறைக்கவில்லை. அசை, சீர், தளை பிள்ளைகளின் கட்டுரையில் முளைக்காது. செய்யுளை வைத்து நேராகத்தான் கற்பிக்கவேண்டும். தேர்வில் இலக்கணப் பெயர் கேட்பார்கள் என்பதால் தேர்வுக்கு முந்தைய இரண்டு வாரம் பழைய பயிற்சித்தாள்தான்.

வீட்டில் செய்யவேண்டியதாக ஒன்றைத்தான் கேட்டேன். பிழையைத் திருத்தாதீர்கள், எழுதியதை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

கையெழுத்தோடு கடிதங்கள் திரும்பி வந்தன. கீரைக்கடை மாணவியின் வீட்டில் அவள் எழுதியதைப் படிக்கச் சொல்லிக் கேட்டது அவளுடைய ஆயா. இலக்கணத்தைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லையாம். "கட்டு என்ன விலைக்கு வாங்குறான், என்ன விலைக்கு விக்கிறான்னு எழுதவே இல்லையே" என்றாராம். வலப்பக்கத்தில் இப்போது இரண்டு விலையும் இருக்கின்றன. 'பத்து ரூபாய்க்கு கொடுப்பார்' என்பதில் மட்டும் ஒற்று விட்டுப்போயிருந்தது, வட்டமிட்டேன்.