சித்தப்பா ஆபரேஷனுக்கு ஒரு லீவு லெட்டர்

ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் சித்தப்பாவுக்குக் குடலிறக்க ஆபரேஷன். கூட இருக்கப்போகும் தம்பி, டவுன் ஜவுளிக்கடையில் கணக்கு பார்ப்பவன், லீவு லெட்டரைக் காட்டினான்: “ஆபரேஷன் இருப்பதால் சில நாள் விடுப்பு வேண்டும்.” எத்தனை நாள், என்ன சான்று, வேலையை யார் பார்ப்பார், எதுவும் இல்லை. முதலாளி எப்படிச் சரி சொல்வார்?

டிஸ்சார்ஜ் தேதி டாக்டருக்கே இப்போது தெரியாதுதான். அதனால் இப்படி மாற்றினோம்:

“சித்தப்பாவின் ஆபரேஷனுக்காக 16 முதல் 20 வரை தற்செயல் விடுப்பு வேண்டும். நீட்டிக்க வேண்டுமானால் 19 மாலைக்குள் சொல்கிறேன். அட்மிஷன் சீட்டு நகல் இணைத்துள்ளேன்; டிஸ்சார்ஜ் சம்மரியைப் பிறகு தருகிறேன். 20-ம் தேதி கெடுவுள்ள ஜிஎஸ்டி 3பி கணக்கை 15-க்குள் முடித்து ஆடிட்டரிடம் கொடுத்துவிடுகிறேன். தினசரி பில்களைக் கேஷியர் அண்ணாச்சி பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்.”

ஸ்கேன் ரிப்போர்ட்டை இணைக்க வேண்டாம். அது சித்தப்பாவின் சொந்த விஷயம்.

இன்னொன்று. 1947-ம் ஆண்டு தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் நோய் விடுப்பு ஊழியரின் சொந்த நோய்க்குத்தான். உறவினருக்காக என்றால், ஆண்டுக்கு 12 நாள் வரையுள்ள சம்பளத்துடன் கூடிய தற்செயல் விடுப்பைக் கேளுங்கள். லெட்டரில் அந்தப் பெயரையே எழுதுங்கள்.